கருச்சிதைவு வீடியோவுக்குத் தலைப்பு: தேடினால் கிடைக்கணும், மஞ்சள் டாலரும் விழக்கூடாது

தமிழ் யூடியூபில் இழப்பைப் பேசும் வீடியோக்களின் தலைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “நடக்கக் கூடாதது நடந்துடுச்சு”, “எங்க பாப்பா எங்களை விட்டுப் போயிடுச்சு”, “இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்று வைப்பார்கள், பின்னால் நாலு அழுகை முகங்கள் வரும். ஏற்கெனவே சந்தாதாரராக இருப்பவர் பதறிப்போய் உள்ளே வருவார். புதிதாகத் தேடி வருபவருக்கோ இந்த வரிகளில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்கூட இல்லை. அன்று காலை ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து இரவில் தூக்கம் வராமல் போனை எடுப்பவர் “நடக்கக் கூடாதது நடந்துடுச்சு” என்று தட்டமாட்டார். “9 வாரம் ஹார்ட்பீட் இல்லை” என்றுதான் தட்டுவார்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம் என்று “அபார்ஷன் ஆயிடுச்சு” எனத் தலைப்பு வைத்துவிட்டு, விளம்பரம் குறைந்துபோனதும் காரணம் புரியாமல் விழிப்பது. அந்தப் பயத்தில் “அபா*ஷன்” என்று நடுவில் நட்சத்திரம் போடுவது இரண்டையும்விட மோசம். தேடுபவருக்கும் வீடியோ கிடைக்காது, கணினியும் ஏமாறாது.

உடல்நலக் குறைவு, இழப்பு எல்லாவற்றையும் இங்கே அள்ளாமல் கருச்சிதைவை மட்டும் எடுத்துக்கொள்வோம். நோயும் துக்கமும் சேர்ந்தே வரும் விஷயம் இது. தமிழில் அதற்கென்றே ஒரு சொற்சிக்கலும் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு வீடியோ: ஒரு தம்பதி பேசும் 14 நிமிடம். ஒன்பதாவது வார ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை என்று தெரிந்தது, கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தது, பிறகு வீட்டில் கழிந்த இரண்டு மாதம், இவ்வளவுதான் உள்ளடக்கம்.

மூன்று வெவ்வேறு தண்டனைகள்

‘வீடியோவை முடக்கிட்டாங்க’ என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, மஞ்சள் டாலர். யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோவுக்குப் பக்கத்தில் பச்சைக் குறி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வரும். விளம்பரம் குறையும், அல்லது ஒன்றுமே வராது. வீடியோ தேடலில் அப்படியே இருக்கும். இது ‘விளம்பரதாரருக்கு ஏற்ற உள்ளடக்கம்’ என்ற விதித்தொகுப்பின்படி நடக்கிறது. தலைப்பு, முகப்புப்படம், விளக்கம், வீடியோவில் தெரிவது, பேசுவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது பார்க்கிறது.

இரண்டாவது, வயதுக் கட்டுப்பாடு. 18 வயது நிரம்பியவர், அதுவும் உள்நுழைந்திருந்தால்தான் பார்க்க முடியும். கணக்கில் நுழையாமல் பார்ப்பவருக்கு வீடியோ திறக்காது. கருச்சிதைவு வீடியோவில் இது பெரும்பாலும் தலைப்பால் வருவதில்லை, ரத்தத்தையோ வெளியேறிய திசுவையோ அருகில் காட்டுவதால் வருகிறது.

மூன்றாவது, வீடியோவையே நீக்குவது. சேனலுக்கு ஸ்டிரைக்கும் விழலாம். ‘இதைச் சாப்பிட்டால் நின்ற துடிப்பு திரும்ப வரும்’ போன்ற வாக்குறுதிகளை எட்ட நிறுத்துவதற்கு இது ஒன்றே போதும். மருத்துவத் தவறான தகவலுக்கான விதிகளை யூடியூப் 2023 ஆகஸ்டில் தடுப்பு, சிகிச்சை, மறுப்பு என்று மூன்று வகையாகத் தொகுத்தது. அப்போது அதுவே தந்த உதாரணங்களில் ஒன்று, பூண்டு புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்லும் வீடியோ. பொருள் விற்கிற சேனல் என்றால் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் இந்தியாவில் தடை செய்கிறது. புற்றுநோயும் சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

சேனலுக்கு இன்னும் வருமான அனுமதி கிடைக்கவில்லை என்றால் டாலர் குறியே தெரியாது. பின்னால் வருகிற இரண்டும் அப்போதும் பொருந்தும்.

தலைப்பைத் திருத்திச் சரிசெய்யக்கூடியது முக்கியமாக முதலாவதைத்தான். இனி அதைப் பற்றி.

‘அபார்ஷன்’ என்ற சொல்லில் இருக்கும் சிக்கல்

தமிழ்நாட்டு வீடுகளில் “அவளுக்கு அபார்ஷன் ஆயிடுச்சு” என்றால் பெரும்பாலும் கரு தானாகக் கலைந்ததைத்தான் சொல்கிறார்கள். ‘ஆயிடுச்சு’ என்ற வினையே யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது என்று காட்டிவிடுகிறது. “அபார்ஷன் பண்ணிட்டாங்க” என்றால்தான் கலைத்தது என்று பொருள். மருத்துவரின் தாளிலும் அதே சொல் இருக்கும். துடிப்பு நின்றும் வெளியேறாத கருவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் `missed abortion` என்று எழுதுவது இன்றும் வழக்கம்.

யூடியூபின் விதியில் அந்தச் சொல் கருக்கலைப்பைக் குறிக்கிறது. ‘சர்ச்சைக்குரிய விஷயங்கள்’ என்ற தலைப்பின் கீழ் தற்கொலை, குடும்ப வன்முறை ஆகியவற்றோடு அது இருக்கிறது. தானாக நேரும் கருச்சிதைவு அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, நீங்கள் பேசுவது பட்டியலில் இல்லாத ஒரு விஷயத்தை, ஆனால் தலைப்பில் எழுதிய சொல் பட்டியலில் இருக்கிறது. 2026 ஜனவரியில் யூடியூப் இந்த விதியைத் தளர்த்தி, கருக்கலைப்பு, தற்கொலை போன்றவற்றைக் கோரக் காட்சியில்லாமல் பேசினால் முழு விளம்பரமும் வரலாம் என்று சொன்னது. எனவே இந்தச் சொல் முன்போல அபாயமானதல்ல. ஆனால் தானியங்கிச் சோதனை சறுக்காது என்று அதற்குப் பொருளில்லை. விளம்பரதாரரும் தன் பக்கத்தில் நுண்ணுணர்வான விஷயங்களைத் தவிர்க்கச் சொல்லி அமைப்பு வைத்துக்கொள்ளலாம். டாலர் பச்சையாக இருந்தும் வருமானம் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேடலின் பக்கமிருந்து பார்த்தாலும் ‘அபார்ஷன்’ தலைப்புக்கு நல்ல சொல்லல்ல. அதைத் தட்டுகிறவர்களில் பலர் கலைக்க மாத்திரை பற்றியோ, எத்தனை வாரம் வரை கலைக்கலாம் என்றோ அறிய வருகிறவர்கள். அவர்கள் உங்கள் வீடியோவைத் திறந்து முப்பது விநாடியில் வெளியேறினால், அந்தத் தேடலுக்கு இது பொருந்தவில்லை என்று யூடியூப் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே தலைப்பில் ‘கருச்சிதைவு’. ஏட்டுச் சொல் போலத் தோன்றினாலும் செய்தித்தாளிலும் மருத்துவமனைச் சுவரொட்டியிலும் எல்லோரும் பார்த்துப் பழகியதுதான். ‘கருக்கலைப்பு’ என்று மட்டும் மாற்றி எழுதிவிடக் கூடாது, அது வேறு. ‘கரு கலைந்தது’ சரியான தமிழ்தான் என்றாலும் ‘கலைப்பு’க்கு மிக அருகில் நிற்பதால் தலைப்பில் வேண்டாம், விளக்கத்தில் எழுதலாம்.

தேடுகிறவர் உண்மையில் தட்டுவது என்ன

இதை ஊகிக்க வேண்டாம். உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து யூடியூப் தேடல் பெட்டியில் ‘கருச்சிதைவு’ என்று தட்டி, கீழே வரும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு `miscarriage`, அதன்பின் `heartbeat illa` என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். தமிழர்கள் தேடுவது மூன்று விதம்: தமிழ் எழுத்தில் தமிழ்ச் சொல், தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொல், ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் `in tamil` சேர்ப்பது. கூகுள் டிரெண்ட்ஸில் ‘யூடியூப் தேடல்’ என்பதையும் ‘தமிழ்நாடு’ என்பதையும் தேர்ந்து இரண்டு வடிவங்களை ஒப்பிடலாம். அது தருவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவுதான், எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை அல்ல.

இந்த வீடியோவில் இன்னொரு விவரமும் தலைப்புக்குள் வர வேண்டும்: வாரம். அலங்காரத்துக்காக அல்ல. ஐந்து, ஆறு வாரத்தில் துடிப்பு தெரியாமலிருப்பதும் ஒன்பது வாரத்தில் தெரியாமலிருப்பதும் ஒன்றல்ல. கரு 7 மில்லிமீட்டரைவிடச் சிறிதாக இருந்து துடிப்பு தெரியவில்லை என்றால், நாள் கணக்கு தவறாக இருக்கலாம் என்று ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லையென்றால்தான் கருச்சிதைவு என்று முடிவுக்கு வருவார்கள். “ஹார்ட்பீட் இல்லை, எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்று வாரத்தைச் சொல்லாமல் தலைப்பு வைத்தால், ஆறாவது வாரத்தில் மறு ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண் அதைத் தன் நிலை என்று எடுத்துக்கொள்வார். ‘9 வார’ என்று இருந்தால், தான் தேடியது இதுவா இல்லையா என்று திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். வாரத்தைச் சேர்த்துத் தேடுகிறவர்களும் நிறைய, எனவே அந்த எண் தேடலுக்கும் உதவும்.

நூறு எழுத்துக்குள் அடக்குவது

தலைப்புக்கு யூடியூப் தரும் இடம் 100 குறிகள். தமிழுக்கு இதில் ஒரு நட்டம் இருக்கிறது. நாம் ஓரெழுத்து என்று எண்ணுவதைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணும். ‘சி’ என்பது அதற்கு ச, பிறகு இகரக் குறி. ‘ச்’ என்பது ச, பிறகு புள்ளி. ‘கருச்சிதைவு’ நமக்கு ஆறெழுத்து, எண்ணியில் 11.

முதல் முயற்சி இப்படி இருக்கலாம்:

```
9 வாரத்தில் குழந்தைக்கு ஹார்ட்பீட் இல்லை | கருச்சிதைவுக்குப் பிறகு என்ன செய்தோம் miscarriage in tamil
```

எண்ணிப் பார்த்தால் 101. ஒன்று அதிகம். எதை வெட்டுவது? ‘குழந்தைக்கு’ என்ற சொல்லை. அது மட்டுமே 11 குறிகளைத் தின்கிறது. கூடவே, ‘குழந்தை’, ‘ஹார்ட்பீட் இல்லை’ இரண்டும் பக்கத்தில் நின்றால் பிறந்த குழந்தை இறந்துபோனது போலவும் படிக்கலாம். அது வேறு துக்கம், வேறு தேடல். அதோடு ‘ஸ்கேன்’ உள்ளே வந்தால் நல்லது, தேடுகிறவர் அந்த அறையிலிருந்துதான் வருகிறார்.

```
9 வார ஸ்கேனில் ஹார்ட்பீட் இல்லை: கருச்சிதைவுக்குப் பிறகு என்ன செய்தோம் | miscarriage in tamil
```

இது 93. போனில் தலைப்பு இரண்டு வரிக்குமேல் போனால் மீதி புள்ளிகளாக மறைந்துவிடும். அதனால் வாரமும் ஸ்கேனும் ஹார்ட்பீட்டும் முன்னால், ஆங்கில எழுத்து வடிவம் கடைசியில். கடைசியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் தேடலில் பொருந்தும்.

இரண்டாம் பாதியில் ‘என்ன செய்தோம்’ என்று இருப்பதையும் பாருங்கள். ‘என்ன செய்ய வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அது மருத்துவ ஆலோசனை. உடல்நலம் பற்றித் தேடினால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின், மருத்துவர்களின் வீடியோக்களை யூடியூப் தனி அடுக்காக மேலே காட்டுவதுண்டு. அவர்களோடு ஆலோசனையில் போட்டியிட்டு ஒரு குடும்பச் சேனல் மேலே வருவது கடினம். அனுபவத்தை அனுபவமாகச் சொன்னால் அதைத் தேடுகிறவர் தனியாக இருக்கிறார்.

நட்சத்திரக் குறி, நடுவில் இடைவெளி, ‘க.சி.’ மாதிரிச் சுருக்கம் எதுவும் வேண்டாம். தேடல் சொல்லைச் சொல்லாகத்தான் பொருத்துகிறது, நட்சத்திரம் விழுந்தால் அது வேறு சொல். விளம்பரச் சோதனையோ தலைப்போடு நிற்காமல் வீடியோவையும் பார்க்கிறது, எனவே மறைத்ததால் லாபமில்லை.

மற்ற இடங்களில் போகவேண்டியவை

தலைப்பிலிருந்து விலக்கிய சொற்களுக்கு விளக்கப் பெட்டியின் முதல் சில வரிகள்தான் இடம். பட்டியலாகக் கொட்டாமல் வாக்கியமாக எழுத வேண்டும்:

```
ஒன்பதாவது வார ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொன்னார்கள்.
ரிப்போர்ட்டில் missed abortion என்று இருந்தது: துடிப்பு தானாகவே
நின்றுபோனது என்பதுதான் அதன் பொருள். டி அண்ட் சி செய்த பிறகு
வீட்டில் இருந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசுகிறோம்.
```

ரிப்போர்ட்டில் கண்ட சொல்லை அப்படியே தேடுகிறவரும் இதில் வந்து சேருவார். அந்தச் சொல்லின் பொருளையும் அதே வாக்கியம் சொல்லிவிடுகிறது. பின்னால் ஒரு மனிதர் சரிபார்க்க நேர்ந்தால் இந்த வரி உங்கள் பக்கம் நிற்கும். குறிச்சொற்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தேடலில் அவற்றின் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது, எழுத்துப் பிழையோடு தேடப்படும் வடிவங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். விளக்கத்தில் குறிச்சொற்களைக் குவித்தால் அதுவே விதிமீறல்.

முகப்புப்படம் தலைப்பைக் கெடுத்துவிடக் கூடும். நிதானமான தலைப்புக்கு மேலே ரத்தக் கறை படிந்த துணி, ‘என் குழந்தையைக் கொன்னுட்டாங்க’ என்ற சிவப்பு எழுத்து என்று வைத்தால் சோதனையில் தலைப்பு காப்பாற்றாது. ஸ்கேன் தாளைக் காட்டலாம், ஆனால் அதிலுள்ள பெயர், வயது, மருத்துவமனைப் பெயர், பதிவு எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். ‘கொன்னுட்டாங்க’ வகைச் சொல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு. வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலோ முகப்பிலோ சொல்லும் அப்பட்டமான ஏமாற்றுகளை இந்தியாவில் கடுமையாக எடுத்துக்கொள்ளப் போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது.

இழப்பு தற்கொலையால் நேர்ந்ததென்றால் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். எப்படி, எங்கே என்பது தலைப்பில் கூடாது. தலைப்புச் செய்தியில் முறையையும் இடத்தையும் சொல்லக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதலும்கூட. விளக்கத்தின் முதல் வரியில் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கட்டும்.

வெளியிடும் முன்னும் பின்னும்

வீடியோவை நேரே பொதுவில் விடாமல், தலைப்பு, படம், விளக்கம் எல்லாம் முடித்துத் தனிப்பட்டதாக ஏற்றுங்கள். ஏற்றும்போது வரும் `Checks` பக்கத்தில் விளம்பரப் பொருத்தச் சோதனை முடியும்வரை காத்திருங்கள். சந்தாதாரர்கள் திரண்டு பார்ப்பது முதல் ஓரிரு நாளில்தான், அந்த நேரத்தில் மஞ்சளாக இருந்து பிறகு பச்சையானால் போனது திரும்பாது. உள்ளடக்கம் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்த வீடியோவில் ரத்தக் காட்சி இல்லை, எனவே ‘இல்லை’ என்று சொல்லலாம். டி அண்ட் சி காட்சியே இருந்தும் இல்லை என்று சொன்னால், அடுத்த வீடியோக்களில் உங்கள் பதிலுக்கு மதிப்பு குறையும்.

மஞ்சள் விழுந்துவிட்டால் உடனே மறுபரிசீலனை கேட்க வேண்டாம். மனிதர் ஒருவர் பார்த்து முடிவு சொன்னபின் பொதுவாக அது மாறுவதில்லை. முதலில் தலைப்பு, முகப்புப்படம், விளக்கம் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். தலைப்பில் ‘அபார்ஷன்’ இருந்தால் ‘கருச்சிதைவு’ ஆக்குங்கள். முகப்பில் பழிச்சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் நிமிடத்தில் திசுவின் படமோ ரத்தமோ வந்தால், தலைப்பை என்ன மாற்றினாலும் பயனில்லை, அந்தத் துண்டை வெட்ட வேண்டும். எல்லாம் சரி என்றான பிறகு `Request review`. முடிவு வர ஏழு நாள் வரை ஆகலாம். வீடியோவை நீக்கிவிட்டு அதையே மறுபடி ஏற்றுவதில் லாபமில்லை, வந்த பார்வையும் கருத்துகளும் போவதுதான் மிச்சம்.

28 நாள் கழித்து ஸ்டூடியோவின் பகுப்பாய்வில் இந்த வீடியோவுக்கு ‘யூடியூப் தேடல்’ வழியாக வந்தவர்கள் என்னென்ன சொற்களைத் தட்டினார்கள் என்று பாருங்கள். ‘கரு தங்கவில்லை’ போல நீங்கள் நினைக்காத ஒரு வடிவம் அங்கே மேலே நிற்கலாம். அதைத் தலைப்பில் திணிக்காமல் விளக்கத்தின் இரண்டாம் வாக்கியத்தில் சேருங்கள். ‘கருக்கலைப்பு மாத்திரை’ மேலே நின்று, அப்படி வந்தவர்கள் சராசரியாக ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை என்றால், தலைப்போ விளக்கமோ இன்னும் தவறான ஆட்களைக் கூப்பிடுகிறது. விளக்கத்தில் `missed abortion` வரியை ஒரு பத்தி கீழே இறக்கி, அடுத்த 28 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.